எட்டு மிக்ஸி, ஒரு சிலந்தி வலை

மிக்ஸி வாங்கக் கிளம்பிய அக்கா, எனக்கு ஒரு படத்தை அனுப்பியிருந்தாள். யாரோ எட்டு மிக்ஸிகளை ஒப்பிட்டுப் போட்ட படம். நடுப்புள்ளியிலிருந்து ஆறு கோடுகள் குடைக்கம்பி போல விரிந்திருந்தன. அரைக்கும் தரம், உழைப்பு, சத்தம், மின்செலவு, கழுவும் வசதி, விலை என்று கம்பிக்கு ஒரு பெயர். ஒவ்வொரு மிக்ஸிக்கும் ஆறு கம்பியிலும் மதிப்பெண் குறித்து, புள்ளிகளை ஒரே நிறக் கோட்டால் சுற்றி இணைத்திருந்தார்கள். ஆக எட்டு நிறம், எட்டு கோணல் உருவம், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று. "இதுல எதுடா சத்தம் கம்மி?" என்று மட்டும் கேட்டிருந்தாள். பதில் சொல்ல எனக்குப் பத்து நிமிடம் ஆனது. சொன்ன பதிலும் தப்பு.

இதற்கு ரேடார் சார்ட் என்று பெயர். சிலந்தி வலைப் படம் என்றும் சொல்வார்கள். ஜெர்மானியப் புள்ளியியலாளர் கேயார்க் ஃபான் மாயர் 1877-லேயே தன் நூலில் இதைப் போட்டிருக்கிறார். இன்று கால்பந்து வீரரின் திறமையிலிருந்து செல்போன் விமர்சனம் வரை எங்கும் இதுதான். பார்க்க அழகாக இருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

நான் தப்பு செய்தது எப்படி என்று சொல்கிறேன். 'சத்தம்' என்ற கம்பியில் நடுப்புள்ளிக்கு மிக அருகே இருந்த ஊதா மிக்ஸியைச் சொன்னேன். சத்தம் கம்மி என்றால் எண்ணும் கம்மியாகத்தானே இருக்க வேண்டும்? படம் போட்டவரோ வெளியே போகப் போக நல்லது என்ற விதிக்காகச் சத்தத்தைத் திருப்பிப் போட்டிருந்தார். அமைதியான மிக்ஸிக்கு அதிக மதிப்பெண். விலைக்கும் அப்படியே. ஒரு மூலையில் பொடி எழுத்தில் அதை எழுதியும் வைத்திருந்தார். எல்லாவற்றையும் ஒரே வட்டத்துக்குள் அடைக்க வேண்டுமென்றால் ரூபாயையும் டெசிபலையும் பத்துக்கு இத்தனை என்று மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றிய பிறகு, ஏழு மதிப்பெண் என்பது எத்தனை ரூபாய் என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இது சின்னக் குறை. எழுத்தைப் பெரிதாகப் போட்டால் தீர்ந்துவிடும். பெரிய குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்க்கும்போது நம் கண் புள்ளிகளைப் பார்ப்பதில்லை. கோடு வளைத்துப் பிடித்திருக்கும் இடத்தைப் பார்க்கிறது. பெரிய உருவம் எது என்று தேடி, அதுவே நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறது. அந்தப் பரப்பளவை நம்பலாமா?

இரண்டு கற்பனை மிக்ஸிகளை எடுத்துக்கொள்வோம். முதலாவது ஆறிலும் ஐந்து வாங்கிய நடுத்தரம், மொத்தம் 30. இரண்டாவது அரைப்பது, உழைப்பது, சத்தம் மூன்றிலும் பத்துக்குப் பத்து. மற்ற மூன்றிலும் இரண்டே இரண்டு. மொத்தம் 36. ஆறிலும் பத்து வாங்கினால் கிடைக்கும் முழு அறுகோணத்தை 100 என்று வைத்துக்கொண்டால், நடுத்தர மிக்ஸி பிடிக்கும் இடம் 25. பாதி மதிப்பெண்ணுக்குக் கால் பங்கு இடம்தான், ஏனென்றால் நீளம் பாதியாகும்போது பரப்பு நாலில் ஒன்றாகிவிடும். இரண்டாவது மிக்ஸி 41 பிடிக்கிறது. சரி, அதுதான் ஜெயித்தது.

இப்போது மதிப்பெண் எதையும் தொடாமல் கம்பிகளின் வரிசையை மட்டும் மாற்றுங்கள். பத்து வாங்கிய கம்பிக்குப் பக்கத்தில் இரண்டு வாங்கிய கம்பி என்று ஒன்று விட்டு ஒன்றாக வையுங்கள். நடுத்தர மிக்ஸி அசையாமல் அதே 25-ல் நிற்கும். இரண்டாவது மிக்ஸி மூன்று முனை நட்சத்திரமாக ஒடுங்கி 20-க்கு இறங்கிவிடும். இப்போது ஜெயிப்பது மற்றது! காரணம் எளிது. பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளின் மதிப்பெண்களைப் பெருக்கிக் கூட்டினால் வருவதற்கு ஏற்பத்தான் பரப்பு அமையும். பத்தும் பத்தும் பக்கத்தில் இருந்தால் நூறு. பத்தும் இரண்டும் என்றால் இருபதுதான். ஆறு கம்பிகளை வட்டத்தில் 60 விதமாக அடுக்கலாம். எது சரியான வரிசை என்று சொல்ல எந்த விதியும் கிடையாது. சத்தத்துக்குப் பக்கத்தில் விலை உட்கார வேண்டும் என்று யார் சொன்னது?

பெல் ஆய்வகத்தின் வில்லியம் கிளீவ்லாந்து, ராபர்ட் மெக்கில் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1984-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவும். படத்திலிருந்து அளவைப் படிக்கும்போது மனிதர்கள் எதில் குறைவாகத் தவறுகிறார்கள் என்று சோதித்தார்கள். ஒரே அளவுகோலின் மீது புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதில்தான் நாம் கெட்டிக்காரர்கள். நீளமும் கோணமும் அதற்குக் கீழே. பரப்பு இன்னும் கீழே. ரேடார் படம் நம்மைப் பரப்பைப் பார்க்கவைக்கிறது. அளவுகோலையும் ஆறு திசையில் சாய்த்துவிடுகிறது.

அக்காவின் படத்தை நான் என்ன செய்தேன்? முதலில் மதிப்பெண்ணைத் தூக்கிப்போட்டுவிட்டு, அது எந்த எண்களிலிருந்து வந்ததோ அவற்றை ஒரு தாளில் எழுதினேன். ஆறு அளவிலும் வேறொரு மிக்ஸியிடம் தோற்றுப்போகிறவற்றை அடித்தேன். மூன்று போயின, எந்தக் கணக்கில் பார்த்தாலும் அவற்றை வாங்க நியாயமில்லை. மீதி ஐந்துக்கும் ஆளுக்கொரு வரி. அளவு ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. பத்திக்குள் கிடையாக ஒரு கோடு, அதன் மேல் ஒரு புள்ளி. சத்தப் பத்தியில் டெசிபல், விலைப் பத்தியில் ரூபாய். ஒன்றை இன்னொன்றாக மாற்ற வேண்டிய தேவையே இல்லை. பத்தியின் தலையில் 'இடப்பக்கம் நல்லது' என்றோ 'வலப்பக்கம் நல்லது' என்றோ எழுதினேன். புள்ளிப்படம் என்று சொல்லும் இந்த முறையைப் பரப்பியவரும் அதே கிளீவ்லாந்துதான்.

வரிகளை எந்த வரிசையில் வைப்பது என்பது முக்கியம். பெயர் அகரவரிசையில் வைத்தால் பாதிப் பயன் போய்விடும். கேட்டவருக்கு எது முக்கியமோ அதன்படி அடுக்க வேண்டும். அக்காவுக்குச் சத்தம், ஏனென்றால் வீட்டில் கைக்குழந்தை. அமைதியானது மேலே, கத்துவது கீழே. ஒரு பத்தியைக் கீழ்நோக்கி ஓட்டினால் ஒப்பீடு. ஒரு வரியைக் குறுக்கே ஓட்டினால் அந்த மிக்ஸியின் குணம்.

புள்ளிக்குப் பதில் பட்டை போடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் பட்டை பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் நீளம் பொய் சொல்லும். பூஜ்யத்திலிருந்து தொடங்கினால் 78 டெசிபலும் 88 டெசிபலும் கிட்டத்தட்ட ஒரே நீளமாகத் தெரியும். காதுக்கோ பத்து டெசிபல் கூடினால் சத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. புள்ளிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, கோட்டை 70-ல் தொடங்கலாம். விலைக்குப் பட்டை நன்றாகப் பொருந்தும். எக்செலில் எண்கள் இருந்தால் Home, Conditional Formatting, Data Bars என்று போனால் கட்டத்துக்குள்ளேயே பட்டை வந்துவிடும். ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள். மொத்த அட்டவணைக்கும் சேர்த்துப் போட்டால், ஐயாயிரம் ரூபாய்க்கு முன்னால் மற்ற எண்களின் பட்டைகள் மறைந்தே போகும்.

வலையை நேராக நீட்டி, கம்பிகளைச் செங்குத்தாக நிறுத்திக் கோடு இழுக்கும் முறையும் உண்டு. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. எட்டுக் கோடுகள் அங்கேயும் நூல்கண்டு போலச் சிக்கிக்கொள்கின்றன.

வட்டமே கூடாது என்று சொல்ல வரவில்லை. காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு அடிக்கிறது என்று காட்ட வட்டம்தான் சரி. வடக்குக்குப் பக்கத்தில் வடகிழக்கு உண்மையாகவே இருக்கிறது. பன்னிரண்டு மாத மழையும் அப்படித்தான், டிசம்பரை அடுத்து ஜனவரி வருகிறது. அங்கே வரிசையை நாம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது.

புள்ளிப்படம் எது சிறந்த மிக்ஸி என்று ஒரே பார்வையில் சொல்லாது. அந்த முடிவை வாங்குகிறவர்தான் எடுக்க வேண்டும். அக்கா தாளை இரண்டு நிமிடம் பார்த்தாள். மேலிருந்து இரண்டாவது வரியில் விரலை வைத்து, "அஞ்சு ரூபா குறைஞ்சா முதல் வரிக்கு வந்துருமா?" என்று சிரித்துவிட்டு, அதையே வாங்கினாள். சிலந்தி வலையில் எட்டு உருவங்களில் மிகச் சிறியதாக இருந்தது அதுதான்.