வரப்பு தாண்டும் தழும்பு

வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மொட்டை போட்டுக் காது குத்த வரும் குடும்பங்களில், தாய்மாமன் மடியில் உட்காரும் பிள்ளைக்குப் பெரும்பாலும் ஒரு வயதோ இரண்டு வயதோ இருக்கும். அந்த வயதில் குத்திய காது பொதுவாகத் தொல்லை இல்லாமல் ஆறிவிடுகிறது. அதே பெண் கல்லூரியில் சேர்ந்ததும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு கடையில் காதின் மேல்விளிம்பில் இன்னொரு துளை போட்டுக்கொள்கிறாள். நான்கைந்து மாதம் கழித்து அந்தத் துளையின் பின்பக்கம் பளபளப்பாக, கெட்டியாக ஏதோ திரள்கிறது. அரிக்கிறது, சில நாள் சுருக்கென்று குத்துகிறது. ஒரு வருடத்துக்குள் அது புளியங்கொட்டை அளவுக்கு வளர்ந்து, துளைக்கு முன்பக்கமும் எட்டிப் பார்க்கிறது. சீழ் கட்டியிருக்கிறது என்று வீட்டில் நினைக்கிறார்கள். அது கீலாய்டு.

மேடாக நிற்கிற எல்லாத் தழும்பும் கீலாய்டு இல்லை. சிசேரியன் தழும்பையே எடுத்துக்கொள்வோம். தையல் பிரித்து ஒன்றிரண்டு மாதத்தில் அந்தக் கோடு சிவந்து தடிக்கலாம், அரிக்கலாம். ஆனால் அந்தத் தடிப்பு கத்தி பட்ட கோட்டைத் தாண்டுவதில்லை. ஆறு மாதம்போல வளர்ந்து, பிறகு ஒன்றிரண்டு ஆண்டில் தானாகத் தணிந்து தட்டையாகிறது. கீலாய்டு வேறு மாதிரி. காயம் ஆறி மாதங்கள் கழித்து, சில சமயம் வருடங்கள் கழித்து, அது தொடங்குகிறது. நல்ல தோலுக்குள்ளும் புகுந்து பரவுகிறது. தானாக வற்றுவதில்லை. முதலாவது, வயலுக்குள் கட்டிய தண்ணீர். இரண்டாவது, வரப்பை உடைத்துக்கொண்டு பக்கத்து வயலில் பாயும் தண்ணீர். மருத்துவர் முதலில் பார்ப்பதும் இந்த எல்லையைத்தான்: காயம் எதுவரை இருந்தது, மேடு எதுவரை போயிருக்கிறது.

காது மடலில் இன்னொரு குழப்பமும் உண்டு. துளை வழியாக மேல்தோல் உள்ளே சிக்கி உண்டாகும் கட்டி உருண்டையாக, தோலுக்கடியில் நகர்வதாக இருக்கும். அதை முழுதாக எடுத்துவிட்டால் பெரும்பாலும் தீர்ந்தது. கீலாய்டு தோலோடு ஒட்டியது, ரப்பர் போல் அழுத்தமானது. இரண்டையும் ஒன்றாக நினைத்து வெட்டப்போனால் என்ன ஆகும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

தோல் கிழிந்தால் முதலில் அழற்சி வருகிறது. அடுத்து நார்ச்செல்கள் வந்து கொலாஜன் என்ற புரத இழைகளை நெய்து இடைவெளியை நிரப்புகின்றன. கடைசியில் அதிகமான இழைகள் கரைக்கப்பட்டு, மீதி ஒழுங்காக அடுக்கப்படுகின்றன. சாதாரணத் தடித்த தழும்பில் இந்தக் கடைசி வேலை தாமதமாக நடக்கிறது, ஆனால் நடக்கிறது. கீலாய்டில் அழற்சி தோலின் ஆழமான அடுக்கில் அணையாமல் புகைந்துகொண்டே இருக்கிறது. நிறுத்து என்ற செய்திக்கு நார்ச்செல்கள் சரியாகக் கீழ்ப்படிவதில்லை. தடித்த இழைக் கற்றைகள் குவிந்துகொண்டே போகின்றன. மார்பு நடு, தோள், முதுகின் மேல்பகுதி ஆகிய இடங்களில் தோல் ஓயாமல் இழுபடுவதும் இதற்குத் தூபம் போடுகிறது. குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடது தோளிலும், இதய அறுவைக்குப் பிறகு நெஞ்சிலும் கீலாய்டு அடிக்கடி தோன்றுவது அதனால்தான். காது மடலில் அப்படிப்பட்ட இழுவை இல்லை. அங்கே துளை திரும்பத் திரும்பப் புண்ணாவதும், நிக்கல் கலந்த தோடு ஒத்துக்கொள்ளாமல் அழற்சி நீடிப்பதும் காரணங்களில் சேர்கின்றன.

இனி நிறத்துக்கு வருவோம். கறுத்த தோல் உள்ளவர்களுக்குக் கீலாய்டு அதிகம் என்பது உண்மை. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மிக அதிகம். நம்மிடமும் ஐரோப்பியரைவிட அதிகம். அதனால் நிறமிதான் குற்றவாளி என்று நெடுங்காலம் நம்பினார்கள். நிறமி குறைந்த உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் கீலாய்டு வருவது அரிது என்பதைச் சான்றாகக் காட்டினார்கள். அந்த வாதம் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. வெளுத்த தோலுள்ள சீனரிடமும் ஜப்பானியரிடமும் கீலாய்டு கணிசமாக இருக்கிறதே! இதைவிட வலுவான சோதனை கிழக்கு ஆப்பிரிக்காவில் நடந்தது. பிறவியிலேயே நிறமி இல்லாதவர்களையும், அதே சமூகத்தின் கறுத்த தோலுள்ளவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2015இல் வெளியானது. இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவில், 100க்கு 8 பேர்போல, கீலாய்டு இருந்தது. நிறமி இல்லாமல் போனதால் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அப்படியானால் நிறத்தோடு சேர்ந்து வேறு ஏதோ பரம்பரையாக வருகிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் கீலாய்டு உள்ளவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து, அதோடு தொடர்புள்ள இடங்களைக் குரோமோசோம்களில் அடையாளம் கண்டார்கள். ஒற்றை மரபணுவால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. ஆனாலும் காது குத்தும் கடையில் கேட்க வேண்டிய கேள்வி தெளிவாகிறது. ‘நீ கறுப்பா, மாநிறமா?’ என்பதில்லை அது. ‘உன் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இப்படித் தழும்பு தடித்து வளர்ந்ததுண்டா?’ என்பதே.

வயதும் கணக்கில் வருகிறது. கீலாய்டு பெரும்பாலும் 10 முதல் 30 வயதுக்குள் தொடங்குவது. பூப்பெய்தும் காலத்திலும் கர்ப்ப காலத்திலும் வேகமாக வளரக்கூடியது. காது குத்தியதால் கீலாய்டு வந்தவர்களிடம் அமெரிக்காவில் விசாரித்து 2005இல் ஒரு சிறு ஆய்வு வெளியிட்டார்கள். அவர்களில் முதன்முதலாக 11 வயதிலோ அதற்குப் பிறகோ காது குத்தியவர்களில் 80 சதவீதம் பேருக்கு அந்தத் துளையிலேயே கீலாய்டு வந்திருந்தது. 11 வயதுக்கு முன் குத்தியவர்களில் அது கால்பங்குக்கும் குறைவு. ஆய்வு சிறியது, அதை மனத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். இருந்தாலும், குடும்பத்தில் கீலாய்டு இருந்தால் காதுகுத்தைப் பிள்ளை வளர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்ல இது போதும். அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண் பதினெட்டு வயதில் காதின் மேல்விளிம்பில் துளை போடாமல் இருப்பதே நல்லது.

வந்துவிட்டால்? பெரிய தவறு, வெட்டி எறிந்துவிடலாம் என்று நினைப்பது. வெட்டுவது மட்டுமே சிகிச்சையானால் பாதிப் பேருக்குக் குறையாமல் திரும்ப வருகிறது. சில ஆய்வுகளில் ஏறக்குறைய எல்லோருக்கும் வந்திருக்கிறது. வந்தால் முன்பைவிடப் பெரிதாகவும் வரலாம், ஏனென்றால் இப்போது காயம் பழைய துளையைவிடப் பெரியது. சிறிய கீலாய்டுக்கு முதலில் செய்வது, ட்ரையாம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கட்டிக்குள்ளேயே செலுத்துவது. மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பல தடவை. முதல் ஊசி நன்றாகவே வலிக்கும், கெட்டியான திசுவுக்குள் மருந்து எளிதில் இறங்காது. அரிப்பும் வலியும் முதலில் அடங்கும். மேடு பிறகுதான் இளகும். இரண்டு ஊசியோடு பலனில்லை என்று நிறுத்திவிடுகிறவர்கள் பலர்.

பெரிய கட்டியை வெட்டத்தான் வேண்டியிருக்கும். அப்போது தையல் ஆறிய கையோடு அதே ஊசியைத் தொடர்கிறார்கள். காது மடலை முன்னும் பின்னும் கவ்வும் அழுத்தத் தோட்டை நாளில் பெரும்பகுதி நேரம், மாதக்கணக்கில் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். பெரியவர்களுக்குப் பிடிவாதமாகத் திரும்பத் திரும்ப வந்தால், வெட்டிய ஓரிரு நாளுக்குள் குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு.

ஸ்டீராய்டு ஊசியால் சுற்றியுள்ள தோல் மெலிந்து வெளுத்துப்போகலாம், கறுத்த தோலில் அந்த வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். பெரும்பாலும் மாதங்களில் நிறம் திரும்பிவிடும். இதை முன்கூட்டியே சொல்லாததால் வெண்குஷ்டம் என்று பயந்து சிகிச்சையைப் பாதியில் விடுகிறார்கள். காது தட்டையாகிவிட்டது என்று நிம்மதியான பிறகும் இரண்டு வருடம்வரை விரலால் தடவிப் பார்த்துக்கொள்ள வேண்டும். மீண்டும் அரிப்பு தொடங்கினால், மேடு கண்ணுக்குத் தெரியும்வரை காத்திராமல் அடுத்த ஊசிக்குப் போக வேண்டும்.