மச்சானுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

ஆசிரியர் தினத்துக்கு முந்தின நாள், குஜராத்தில் ஒரு பள்ளி அலுவலகம். மணி அடிப்பதற்குள் சுற்றறிக்கை போயாக வேண்டும். பள்ளியில் ஆசிரியர் தினக் கூட்டம் என்று இப்படி அடிக்க வேண்டும்:

શાળામાં શિક્ષક દિનની સભા છે.

அவசரத்தில் திரையில் வந்து விழுந்தது இது:

સાળામા શિક્ષક દીનની સભા છે.

குஜராத்தி தெரியாத கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தெரிந்தவருக்கு முதல் சொல்லிலேயே சிரிப்பு வந்துவிடும். 'ஶாளா' என்றால் பள்ளி. நம் பாடசாலையில் இருக்கும் அதே சாலை. 'ஸாளா' என்றால் மனைவியின் சகோதரர், அதாவது மச்சான். அடுத்தது 'தின்'. அது 'தீன்' என்று நீண்டதும் நாள் போய், ஏழை வந்துவிட்டார். தினம், தீனன் என்று நமக்கும் பழக்கமான ஜோடிதான். முதல் சொல்லின் கடைசி எழுத்து மேல் இருக்க வேண்டிய புள்ளியையும் காணோம். அந்தப் புள்ளிதான் அனுஸ்வாரம். 'மாங்' என்று மூக்கால் ஒலித்தால் 'இல்' என்ற வேற்றுமை உருபு. புள்ளி போனால் மிஞ்சுவது 'மா', அதாவது அம்மா.

மூன்றுமே விரல் செய்த வேலையாக இருக்கலாம். இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் `m` விசையைத் தட்டினால் ஸ, ஷிஃப்டோடு தட்டினால் ஶ. குறில் இகரக் குறி `f` விசையில், நெடில் அதற்கு நேர் மேலே `r` விசையில். புள்ளிக்கு `x` என்று தனி விசை. அதைத் தட்ட மறந்தால் கேட்க ஆளில்லை. எழுத்துப் பிழை காட்டும் மென்பொருள் சிவப்புக் கோடு போடும் என்று நம்பியும் பயனில்லை. ஸாளா, தீன் இரண்டுமே அகராதியில் இருக்கும் நல்ல சொற்கள்.

எல்லாப் பழியையும் விரல் மேல் போடவும் முடியாது. பேச்சுக் குஜராத்தியில் இ, ஈ வேறுபாடு காதில் விழாது. உ, ஊவும் அப்படியே. எழுத்தில் மட்டும் மனப்பாடமாகக் காக்க வேண்டும். காந்தியின் முயற்சியில் குஜராத் வித்யாபீடம் 1929இல் வெளியிட்ட ஜோடணிகோஶ் என்ற எழுத்துமுறை அகராதிதான் இதற்கெல்லாம் அளவுகோல். அந்தச் சுமையே வேண்டாம், ஒரே இகரமும் ஒரே உகரமும் போதும் என்று 1999இல் ஊஞ்ஜாவில் கூடியவர்கள் தீர்மானித்தார்கள். பள்ளிப் புத்தகம் அசையவில்லை. ஷகரமும் இதே கதை. எழுதும்போது ષ வேறு, શ வேறு. சொல்லும்போது இரண்டும் ஒன்று. அதனால்தான் 'சிறப்பு' என்ற பொருளில் வரும் વિશેષ அடிக்கடி વિષેશ என்று இடம் மாறி நிற்கிறது.

விரலா காதா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே சொல் அறிக்கையில் வேறு இடத்தில் சரியாக இருந்தால், பெரும்பாலும் விரல். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தப்பினால், காது.

எனக்கு உறுத்துவது இன்னொரு புள்ளி. 'வந்திருக்கிறார்' என்று ஒரு பெண்மணியை மரியாதையாகச் சொல்ல બહેન આવ્યાં છે என்று புள்ளியோடு எழுத வேண்டும். புள்ளி விட்டால் அது ஆண்களுக்கான மரியாதை வடிவம். தலைமையாசிரியை கையெழுத்திட்டு அனுப்பும் அறிக்கையிலும் அந்தப் புள்ளி காணாமல் போகும். மச்சானைக் கண்டு சிரித்தவர்கள்கூட இதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள்.