அரை மணி நேரத்தில் இடம் மாறும் காலடித்தடம்

பிட்காயின் சார்ட்டில் யாரோ வரைந்து வைத்த நீலப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். "இங்கேதான் பெரிய கைகள் வாங்கின, விலை மறுபடி இங்கே வரும்" என்பார்கள். 'ஐசிடி' என்று அழைக்கப்படும் அமெரிக்கர் மைக்கேல் ஹடில்ஸ்டன் பரப்பிய 'ஸ்மார்ட் மணி' பாடத்தில் அந்தப் பெட்டிகளுக்கு இரண்டு பெயர்கள் உண்டு: ஃபேர் வேல்யூ கேப், ஆர்டர் பிளாக்.

முதலாவதைக் கண்டுபிடிக்க மூன்று கேண்டில்கள் போதும். நடுக் கேண்டில் விறுவிறுவென்று ஏறியிருக்க வேண்டும். முதல் கேண்டிலின் உச்சியைவிட மூன்றாவதன் அடி உயரமாக இருந்தால், இரண்டுக்கும் நடுவே உள்ள பகுதிதான் கேப். விலை வேகமாகத் தாண்டிப் போனதால் அங்கே வாங்குவோரும் விற்போரும் சரியாகச் சந்திக்கவில்லை, ஆகவே விலை திரும்பி வந்து அதை நிரப்பும் என்பது வாதம்.

பெயரில்தான் இடைவெளி இருக்கிறது. நம் பங்குச் சந்தை மாலையில் மூடி மறுநாள் காலை வேறு விலையில் திறந்தால், நடுவிலுள்ள விலைகளில் உண்மையிலேயே வியாபாரம் நடந்திருக்காது. கிரிப்டோ சந்தைக்குக் கதவே கிடையாது. இங்கே கேப் என்று குறிக்கப்படும் விலைகளில் நடுக் கேண்டிலின் நேரத்தில் வியாபாரம் நடந்தேதான் இருக்கிறது. ஆர்டர்கள் குறைவாக இருந்த இடத்தை விலை சட்டென்று கடந்தது என்பது பல சமயம் உண்மைதான். ஆனால் அந்தப் பெட்டியின் எல்லையைக் கோடு போட்டுக் கொடுப்பது சந்தை அல்ல, கடிகாரம்.

ஒரு கற்பனைக் கணக்கு. எக்ஸ்சேஞ்சுகளின் ஒரு மணி நேரக் கேண்டில்கள் உலகப் பொது நேரப்படி தொடங்குகின்றன. நமக்கு அது 3:30, 4:30, 5:30. முதல் கேண்டிலின் உச்சி 60,200 டாலர். 4:30க்கு ஏறத் தொடங்கிய விலை 5:30க்குள் 61,000ஐத் தொடுகிறது. மூன்றாவது கேண்டிலின் அடி 60,900. ஆக, 60,200 முதல் 60,900 வரை 700 டாலர் அகலத்தில் ஒரே பெட்டி.

இப்போது அதே வியாபாரத்தை இந்திய நேரப்படி 3, 4, 5, 6 மணிக்குத் தொடங்கும் கேண்டில்களாகப் பிரித்துப் பார்ப்போம். மூன்று மணிக் கேண்டிலின் உச்சி 60,150, ஐந்து மணிக் கேண்டிலின் அடி 60,550. அது ஒரு கேப். நான்கு மணிக் கேண்டிலின் உச்சி 60,600, ஆறு மணிக் கேண்டிலின் அடி 61,000. அது இன்னொன்று. ஒரு பெட்டி இரண்டாகிவிட்டது, எல்லைகளும் நகர்ந்துவிட்டன. பெட்டியின் மேல் விளிம்பில் வாங்கக் காத்திருப்பவர் ஒரு சார்ட்டில் 60,900இல் நிற்பார், மற்றதில் 61,000இல் நிற்பார். ஒரு வியாபாரம்கூட மாறவில்லை. பெரிய நிறுவனம் பதித்த காலடித்தடம் என்றால், நாம் கடிகாரத்தை அரை மணி நேரம் தள்ளியதற்கா அது நகர வேண்டும்?

ஆர்டர் பிளாக்கின் சிக்கல் வேறு மாதிரி. பெரிய ஏற்றத்துக்கு முந்தைய கடைசி சிவப்புக் கேண்டில்தான் ஆர்டர் பிளாக், அங்கே நிறுவனங்களின் ஆர்டர் மிச்சம் இருக்கிறது என்கிறார்கள். எந்த ஏற்றத்துக்குச் சற்று முன்னாலும் ஒரு சிவப்புக் கேண்டில் இருக்கத்தான் செய்யும். ஏற்றம் முடிந்த பிறகு திரும்பிப் பார்த்துக் குறித்தால் எல்லாம் பொருந்தும். விலை அந்த இடத்தை உடைத்துக்கொண்டு கீழே போனால்? அதற்கும் 'பிரேக்கர் பிளாக்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நிலைக்காத கேப்புக்கு 'இன்வெர்ஷன்' கேப். தோற்ற கேண்டிலுக்கு வேறு பெயர் சூட்டினால் விதி தோற்கவே தோற்காது.

சோதிக்க வழி உண்டு. சார்ட்டை நடுவில் நிறுத்தி, வலப்பக்கத்தை மறைத்து, பெட்டியை முன்கூட்டியே வரைந்து முடிவைக் குறித்துக்கொள்ளுங்கள். கூடவே கண்ணை மூடிக்கொண்டு அதே தூரத்தில் வேறு கோடுகளும் வரையுங்கள். பக்கத்து விலைக்குச் சந்தை திரும்புவது சாதாரணம். அந்தக் குருட்டுக் கோடுகளும் ஏறக்குறைய அதே அளவு தொடப்பட்டால் பெட்டியில் சரக்கு இல்லை.

வெற்றிகளை எண்ணும்போதும் ஏமாறலாம். ஸ்டாப் லாஸ் 0.3 சதவீதம், டார்கெட் 0.9 சதவீதம் என்று வையுங்கள். விலை எந்தத் திசையையும் மதிக்காமல் அலைந்தாலே நான்கில் ஒன்று டார்கெட்டைத் தொடும். நாற்பது வியாபாரத்தில் பத்து. அதிர்ஷ்டத்தாலேயே பதின்மூன்றும் வரலாம். வாங்கவும் விற்கவும் தலா 0.05 சதவீதம் கட்டணம் போனால் வெற்றியில் 0.8 மிஞ்சும், தோல்வியில் 0.4 போகும். நஷ்டமில்லாமல் நிற்கவே மூன்றில் ஒன்று ஜெயிக்க வேண்டும். அந்தப் பதின்மூன்றுகூட அப்போது சிறு நஷ்டத்தில்தான் நிற்கும்.