சென்னையில் இறங்கும்போது காது ஏன் வலிக்கிறது?

சென்ற பொங்கலுக்குச் சென்னை போனோம். விமானம் இறங்கத் தொடங்கியதும், சளி பிடித்திருந்த என் மகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்றாம் நாள் அதே சளியோடு பெங்களூர் திரும்பியபோது அவ்வளவு வலியில்லை. இரு ஊர்களின் உயரமும் இதற்கு ஒரு காரணம்.

பறக்கும்போது விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், அதிகபட்சம் 8,000 அடி உயர மலைமேல் இருப்பதுபோல் குறைந்திருக்கும். பெங்களூர் சுமார் 3,000 அடி உயரத்தில் உள்ளது, சென்னையோ கடலோரம். ஆகவே சென்னையில் இறங்கும்போதுதான் அழுத்தம் அதிகம் கூடி, செவிப்பறையை உள்ளே தள்ளுகிறது.

செவிப்பறைக்குப் பின்னுள்ள நடுச்செவியை மூக்கின் பின்புறத்தோடு இணைப்பது யூஸ்டேஷியன் குழல். விமானம் ஏறும்போது நடுச்செவிக் காற்று இதன் வழியே தானே வெளியேறும். இறங்கும்போது அப்படியல்ல, விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோதான் குழல் திறந்து காற்று உள்ளே போகும். 'டப்' என்று அடைப்பு நீங்குவது அப்போதுதான். தாமதித்தால் அழுத்த வேறுபாடு மிகுந்து குழல் இறுகிவிடும். பிறகு விழுங்கியும் பயனிருக்காது. சளி பிடித்தால் குழலின் உட்புறம் வீங்கி, சிரமம் கூடும்.

எனவே விமானம் இறங்கத் தொடங்கியதுமே மிட்டாய் சப்புங்கள்; கைக்குழந்தைக்குப் பால் கொடுங்கள்; தூங்குபவரை எழுப்புங்கள். பெரியவர்கள் மூக்கைப் பிடித்து, வாயை மூடி மெதுவாக ஊதலாம், பலமாக ஊதக்கூடாது. காதில் ரத்தம் வந்தாலோ, அடைப்பு சில நாள் நீடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.