ஐம்பதாயிரமா, முப்பத்தாறாயிரமா?

கோவையில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளராக ஒருவர் வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் கடனுக்காக வங்கிக்குப் போகிறார். வங்கி கேட்ட காகிதங்களில் ஒன்று சம்பளச் சான்றிதழ். அலுவலகத்தில் கேட்டதும் அரை மணி நேரத்தில் அடித்து, கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார்கள். ‘இவர் எங்கள் நிறுவனத்தில் பணிபுரிகிறார். மாதச் சம்பளம் ரூ.50,000’ என்று இரண்டே வரி. ஒரு வாரம் கழித்து வங்கியிலிருந்து போன் வருகிறது.

“சார், சர்டிபிகேட்ல அம்பதாயிரம்னு போட்டிருக்கு. ஸ்டேட்மென்ட்ல மாசாமாசம் முப்பத்தாறாயிரம்தான் வருது. மீதி எங்க சார் போகுது?”

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. நிறுவனம் எழுதிய ஐம்பதாயிரமும் உண்மை, கணக்கில் ஏறிய முப்பத்தாறாயிரமும் உண்மை. ‘சம்பளம்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு தொகைகள் இருக்கின்றன. எந்தத் தொகையைச் சொல்கிறோம் என்று சான்றிதழ் சொல்லாததுதான் கோளாறு.

ஒரே சம்பளம், மூன்று தொகைகள்

முதல் தொகை, சி.டி.சி. ஒரு ஊழியருக்காக நிறுவனம் ஆண்டு முழுவதும் செய்யும் மொத்தச் செலவு அது. நம் மேற்பார்வையாளரின் வேலை நியமனக் கடிதத்தில் இருப்பது 6 லட்சம். அதைப் பன்னிரண்டால் வகுத்துத்தான் அலுவலகம் ஐம்பதாயிரம் என்று எழுதிவிட்டது. ஆனால் அந்த ஐம்பதாயிரத்துக்குள் நிறுவனம் தன் பங்காகக் கட்டும் பி.எஃப். 3,000 ரூபாய் இருக்கிறது. பணிக்கொடைக்காக ஒதுக்கும் ஏறக்குறைய 1,200 ரூபாய் இருக்கிறது. இலக்கை எட்டினால் ஆண்டு முடிவில் கிடைக்கக்கூடிய ஊக்கத்தொகையும், மாதக் கணக்கில் 2,800 ரூபாயாக, உள்ளே இருக்கிறது.

இந்த மூன்றையும் கழித்தால் வருவது இரண்டாவது தொகை, மொத்தச் சம்பளம். பலரும் ‘கிராஸ்’ என்று சொல்வது இதைத்தான். அடிப்படைச் சம்பளம் 25,000, வீட்டு வாடகைப்படி 10,000, சிறப்புப்படி 8,000 என்று 43,000 ரூபாய்.

இதிலிருந்து பிடித்தங்கள் போக மிஞ்சுவது மூன்றாவது தொகை, கைக்கு வரும் சம்பளம். ஊழியரின் பங்கு பி.எஃப். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம், அதாவது 3,000 ரூபாய். ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவர் வாங்கியிருந்த கடனுக்கான தவணை 4,000 ரூபாய். இரண்டும் போனால் 36,000.

தமிழ்நாட்டில் இன்னொரு சிறு சிக்கலும் உண்டு. இங்கே தொழில் வரி ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிடிக்கப்படுகிறது. எனவே ஆண்டில் இரண்டு மாதங்கள் மட்டும் கைக்கு வரும் தொகை சற்றுக் குறைந்திருக்கும். சான்றிதழில் காரணம் ஒரு வரியில் இருந்தால், அந்த மாதம் ஏன் குறைந்தது என்று வங்கி மறுபடி கேட்க வேண்டியிருக்காது.

வங்கி எதைப் பார்க்கிறது?

வருமானத்தில் எத்தனை பங்கு வரை மாதத் தவணைக்குப் போகலாம் என்று ஒவ்வொரு வங்கியும் தனக்கென ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதைக் கைக்கு வரும் தொகையில் கணக்கிடும் வங்கிகளும் உண்டு, மொத்தச் சம்பளத்தில் கணக்கிடும் வங்கிகளும் உண்டு. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் தவணைகளை அந்த வரம்பிலிருந்து கழித்துவிடுவார்கள்.

நம் மேற்பார்வையாளரின் வங்கி, கட்டாயப் பிடித்தம் போன வருமானத்தில் பாதியை அனுமதிக்கிறது என்று கொள்வோம். பி.எஃப். போக அவர் வருமானம் 40,000. அதில் பாதி 20,000. சங்கக் கடன் தவணை 4,000 போனால் வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது மாதம் 16,000 ரூபாய். எட்டரை சதவீத வட்டியில், இருபது ஆண்டுக்கு, ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். ஆக அவருக்குக் கிடைக்கக்கூடிய கடன் பதினெட்டரை லட்சத்தை ஒட்டித்தான் இருக்கும்.

சான்றிதழில் இருந்த ஐம்பதாயிரத்தை நம்பி அவரே வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தால், 25,000 ரூபாய்த் தவணைக்கு ஏறக்குறைய 28 லட்சத்து 80 ஆயிரம் என்று வந்திருக்கும். பத்து லட்சம் வித்தியாசம். அந்தக் கணக்கை வைத்து மனைக்கோ அடுக்குமாடி வீட்டுக்கோ முன்பணம் கொடுத்துவிட்டவர்களுக்குத்தான் இதன் வலி தெரியும்.

எப்படி எழுதினால் சரி?

சான்றிதழ் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், தேதியும் கடித எண்ணும் போட்டு இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின்படி, பதிவு பெற்ற நிறுவனத்தின் கடிதத் தாளில் பதிவு அலுவலக முகவரி, நிறுவன அடையாள எண், தொலைபேசி எண், மின்னஞ்சல் முகவரி எல்லாம் இருந்தாக வேண்டும். வங்கியில் சரிபார்ப்பவர் முதலில் பார்ப்பது இதைத்தான். பெயர் பான் அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடும், பான் அட்டையில் அப்பா பெயர் விரிந்தும் இருக்கும் நம் ஊரில் இது அடிக்கடி இடறும் இடம்.

உள்ளடக்கத்தைக் கீழ்க்கண்ட தோரணையில் எழுதலாம். நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினாலும், சொல்ல வேண்டியது இதுதான்:

“இவர் எங்கள் நிறுவனத்தில் 2017 ஜூன் 12 முதல் நிரந்தர ஊழியராகப் பணியாற்றி வருகிறார். தற்போதைய பதவி தரக்கட்டுப்பாட்டு மேற்பார்வையாளர். இவருடைய மாத மொத்தச் சம்பளம் ரூ.43,000 (அடிப்படை 25,000, வீட்டு வாடகைப்படி 10,000, சிறப்புப்படி 8,000). மாதப் பிடித்தங்கள்: வருங்கால வைப்புநிதி ரூ.3,000, கூட்டுறவுக் கடன் சங்கத் தவணை ரூ.4,000. நிகரச் சம்பளம் ரூ.36,000 இவருடைய வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. தொழில் வரி ஆண்டுக்கு இருமுறை தனியே பிடிக்கப்படும். இலக்கைப் பொறுத்து ஆண்டுக்கு அதிகபட்சம் ரூ.33,600 ஊக்கத்தொகை உண்டு. அது மேற்கண்ட தொகையில் சேரவில்லை. வீட்டுக் கடன் விண்ணப்பத்துக்காக, ஊழியரின் வேண்டுகோளின்பேரில் இச்சான்று வழங்கப்படுகிறது. இதனால் நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை.”

கடைசி வரி பலருக்குக் கடுமையாகத் தெரியும். ஆனால் அது வேண்டும். சம்பளச் சான்றிதழ் ஒரு தகவல், ஜாமீன் ஆகாது. தவணையைச் சம்பளத்தில் பிடித்து நேரடியாக அனுப்புகிறோம் என்ற உறுதிமொழியை வங்கி கேட்டால், அது வேறொரு கடிதம். அதில் கையெழுத்திட நிறுவனத்தில் யாருக்கு அதிகாரம் என்பதும் வேறு கேள்வி. இரண்டையும் ஒரே தாளில் கலக்கக் கூடாது.

சங்கத் தவணையை மறைக்கச் சொல்லிக் கேட்கும் ஊழியர்களும் உண்டு. அதனால் பயனில்லை. சம்பளச் சீட்டிலேயே அது இருக்கும். பி.எஃப். பாஸ்புக்கும் தன் பங்குக்குப் பேசும். ஊழியர் பங்காக மாதம் 3,000 ஏறுகிறது என்றால் அடிப்படைச் சம்பளம் 25,000 என்று வங்கி அதிகாரி பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடுவார். பி.எஃப். கணக்கிடும் சம்பளத்தை 15,000 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும் நிறுவனங்களில் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அங்கே அதற்கு மேல் வாங்குபவர் யாருக்கானாலும் 1,800 ரூபாய்தான் ஏறும். அப்படியிருந்தால் அதையும் சான்றிதழில் சொல்லிவிடுவது நல்லது.

சனிக்கிழமைச் சம்பளம்

மாதச் சம்பளமே இல்லாதவர்கள் நிலை இன்னும் சிக்கலானது. திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் வாங்குபவர்கள் ஏராளம். பீஸ் ரேட்டில் தைக்கும் டெய்லருக்கு ஆர்டர் நிறைந்த வாரத்தில் ஒரு தொகை, மந்தமான வாரத்தில் வேறு தொகை. அவருக்கு ‘மாதச் சம்பளம் ரூ.20,000’ என்று உருண்டையாக எழுதிக்கொடுத்தால் எந்த ஸ்டேட்மென்டோடும் அது பொருந்தாது. ‘பீஸ் ரேட் அடிப்படையில் வாரந்தோறும் ஊதியம் வழங்கப்படுகிறது, கடந்த ஆறு மாதங்களில் வழங்கிய மொத்தத் தொகை இவ்வளவு, மாதச் சராசரி இவ்வளவு’ என்று எழுதினால் பொருந்தும். ரொக்கமாகக் கொடுத்தால் ரொக்கம் என்றே எழுத வேண்டும். ஆனால் ரொக்கச் சம்பளத்தைச் சரிபார்க்க வங்கிக்கு வழி குறைவு. கடன் வாங்கும் எண்ணமிருப்பவர் சில மாதங்கள் முன்பே சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றிக்கொள்வது உதவும்.

விசா அதிகாரி கேட்கும் கேள்வி வேறு

அதே மேற்பார்வையாளர், லண்டனில் இருக்கும் தங்கைக்குக் குழந்தை பிறந்திருக்கிறது என்று இரண்டு வாரம் போய்வர விரும்புகிறார். வங்கிக்குக் கொடுத்த சான்றிதழின் நகலையே விசா விண்ணப்பத்தோடு இணைத்தால் பாதிதான் பயன். இவரால் தவணை கட்ட முடியுமா என்பது வங்கியின் கேள்வி. இந்தப் பயணச் செலவு இவர் வருமானத்துக்குப் பொருந்துகிறதா, முடிந்ததும் ஊர் திரும்ப இவருக்குக் காரணம் இருக்கிறதா என்பது விசா அதிகாரியின் கேள்வி.

பிரிட்டனுக்குச் சுற்றுலா, உறவினர் வருகை விசா கேட்பவர்களுக்கான அரசு வழிகாட்டுதல், வேலை வழங்குபவரின் கடிதத்தில் பதவி, சம்பளம், எத்தனை காலமாக வேலை ஆகியவை இருக்க வேண்டும் என்கிறது. இவற்றோடு விடுப்பு பற்றிய வாசகம் சேர்வது அவசியம்:

“மே 4 முதல் மே 18 வரை இவருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது. மே 19 அன்று இதே பதவியில் மீண்டும் பணியில் சேர வேண்டும். பயணச் செலவை இவரே ஏற்கிறார்.”

இங்கே ‘விடுப்புக்கு விண்ணப்பித்துள்ளார்’ என்பதும் ‘விடுப்பு அனுமதிக்கப்பட்டுள்ளது’ என்பதும் ஒன்றல்ல. தேதிகள் விண்ணப்பத்தில் சொன்ன பயணத் தேதிகளோடு பொருந்த வேண்டும். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியும், பக்கத்தில் பாஸ்போர்ட் எண்ணும் இருக்க வேண்டும். ‘இவர் நிச்சயம் திரும்பி வருவார் என்று உறுதியளிக்கிறோம்’ என்று சில நிறுவனங்கள் எழுதுகின்றன. இன்னொருவர் திரும்பி வருவதற்கு நிறுவனம் உறுதி கொடுக்க முடியாது. பணியில் சேர வேண்டிய தேதியைச் சொன்னால் போதும். கடிதம் தமிழில் இருந்தால் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்க வேண்டும். சம்பளத்தைக் கூட்டி எழுதிய கடிதம் போலி ஆவணம் என்று முடிவானால், விண்ணப்பத்தை நிராகரிப்பதோடு பிரிட்டன் விதிகள் பத்து ஆண்டு வரை அடுத்தடுத்த விசாக்களையும் மறுக்கலாம்.

விசா கடிதத்தில் கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, நிறுவன மின்னஞ்சல், நேரடித் தொலைபேசி எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும். தூதரகமோ வங்கியோ போன் செய்யும்போது, எடுப்பவருக்கு இப்படியொரு கடிதம் கொடுத்தது தெரிந்திருக்க வேண்டும். மனிதவளப் பிரிவில் ஒருவர் கையெழுத்திட்டு, வரவேற்பறையில் இருப்பவர் ‘அப்படி யாரும் இங்க இல்லீங்களே’ என்று சொன்னதால் கோப்புகள் நின்றுபோவது உண்டு.

ஏப்ரலில் சம்பளம் உயர்ந்து மே மாதம் சான்றிதழ் வாங்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சான்றிதழில் புதிய தொகை இருக்கும், இணைக்கும் ஸ்டேட்மென்டில் பெரும்பகுதி பழைய தொகையாக இருக்கும். ‘மார்ச் 31 வரை மொத்தச் சம்பளம் ரூ.40,000, ஏப்ரல் 1 முதல் ரூ.43,000’ என்ற ஒரு வரி சான்றிதழிலேயே இருந்தால், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த வித்தியாசத்துக்கான பதிலும் அங்கேயே கிடைத்துவிடும்.