விடையைத் தேடலாம், கதை கெடாமல்

சாகச வீடியோ கேமில் ஒரே இடத்தில் சிக்கிக்கொண்டால் வாக்த்ரூ பார்ப்பது தவறா? எதனால் சிக்கினோம் என்பதைப் பொறுத்தது. கண்ணுக்கே தெரியாத சின்னப் பொருளைத் தேடி அலைந்தாலோ, கேமிலேயே பிழை இருப்பதாகச் சந்தேகம் வந்தாலோ தாராளமாகப் பார்க்கலாம். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

2019இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ வேறு ரகம். அதில் நாம் கண்டறியும் செய்திகள்தான் அடுத்த கதவுக்குச் சாவி. விடையை முன்பே படித்துவிட்டால் ஆட்டமே முடிந்த மாதிரி. எனவே முதலில் விண்கலத்தின் பதிவேட்டைத் திறங்கள். பார்க்க வேண்டியது மிச்சமிருக்கும் இடங்களை அதுவே குறித்துக் காட்டும். அங்கே மறுபடி போனாலே பெரும்பாலும் வழி பிறக்கும்.

அப்போதும் பிடிபடவில்லையா? படிப்படியான குறிப்புகளை நாடுங்கள். 1980களில் இன்ஃபோகாம் நிறுவனம் ‘இன்விசிக்ளூஸ்’ புத்தகங்களைக் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சிட்டது. தனிப் பேனாவால் தேய்த்தால் ஒவ்வொரு வரியாகத் தெரியும்: முதலில் லேசான சாடை, கடைசியில் முழு விடை. கேள்விகளைப் படித்தே கதையை ஊகித்துவிடாதபடி போலிக் கேள்விகளையும் கலந்திருந்தார்கள்.

நண்பரிடம் கேட்டாலும் இதே முறைதான். “நான் சரியான இடத்தில்தான் தேடுகிறேனா?” என்று மட்டும் முதலில் கேளுங்கள். வீடியோ வழிகாட்டியைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது அடுத்த காட்சியையும் சேர்த்தே காட்டிவிடும்.