ஏழரை மணிக்குள் அம்மா எழுந்தாரா?

தனியாக வாழும் முதியவர் வீட்டுக்குள் விழும்போது, விழுந்ததைவிட விழுந்து கிடக்கும் நேரமே பல சமயம் பெரிய ஆபத்தாகிறது. ஒரே பக்கமாக அழுந்திக் கிடக்கும் தசை சிதைந்து, அதிலிருந்து வெளியாகும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். உடலில் நீர் வற்றும். தோல் புண்ணாகும். ஒரு மணி நேரத்தில் கை கொடுத்தால் கட்டுப்போட்டு முடிந்திருக்க வேண்டிய விஷயம், பத்து மணி நேரம் கழித்து தீவிர சிகிச்சைப் பிரிவில் போய் நிற்கும்.

இதற்காகவே கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அவசர பொத்தான் வந்தது. ஆனால் 90 வயதைத் தாண்டியவர்களை வைத்து இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் நடந்து, 2008-ல் வெளியான ஓர் ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தனியாக விழுந்து நெடுநேரம் எழ முடியாமல் கிடந்தவர்களில் பெரும்பாலோர், பொத்தான் வசதி இருந்தும் அதைப் பயன்படுத்தவில்லை. கழற்றி வைத்திருக்கலாம், எட்டாமல் போயிருக்கலாம், பிறருக்குத் தொந்தரவு வேண்டாம் என்று எண்ணியிருக்கலாம். ஆகவே, முதியவர் எதையும் அழுத்தத் தேவையில்லாத ஏற்பாடு வேண்டும். ஜப்பானில் 2001-லேயே சோஜிருஷி நிறுவனம் வெந்நீர் கெட்டிலை இதற்குப் பயன்படுத்தியது. வீட்டில் இருப்பவர் டீ போடத் தண்ணீர் எடுத்தால், அந்தச் செய்தி வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்குப் போகும். இன்று அந்த வேலையைச் சின்ன மோஷன் சென்சார்கள் செய்கின்றன.

இந்த சென்சார் கேமரா அல்ல. படம் எடுக்காது, பேச்சைக் கேட்காது. உடலிலிருந்து வரும் வெப்பம் தன் பார்வைப் பரப்பில் நகர்வதை மட்டும் உணரும். யாராவது விழுந்தார்களா என்பது அதற்குத் தெரியாது. வழக்கமாக நடமாட்டம் இருக்க வேண்டிய நேரத்தில் நடமாட்டம் இல்லை என்பதை வைத்துத்தான் நாம் ஊகிக்கிறோம். எனவே கருவியை மாட்டுவதைவிட நேரத்தைச் சரியாகக் குறிப்பதுதான் முக்கியமான வேலை.

ஓர் உதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். மயிலாடுதுறையில் 74 வயது அம்மா, சென்னையில் மகன். படுக்கையறை, சமையலறை, குளியலறைக்குப் போகும் நடை, கூடம் என நான்கு இடங்களில் சென்சார். வாசல் கதவில், திறப்பதையும் மூடுவதையும் சொல்லும் இன்னொரு சென்சார். முதல் இரண்டு வாரம் எந்த எச்சரிக்கையும் வைக்காமல் பதிவை மட்டும் பார்க்க வேண்டும். அம்மா பெரும்பாலும் ஐந்தேகாலுக்குச் சமையலறைக்கு வருகிறார். மிகவும் தாமதமான நாளில் 6:40. பகலில் நடமாட்டமே இல்லாத நீண்ட இடைவெளி, மதியத் தூக்கத்தின் இரண்டே முக்கால் மணி நேரம். மற்ற நேரங்களில் அதிகபட்சம் 1 மணி 20 நிமிடம். அது மாலையில் நாற்காலியில் அசையாமல் சீரியல் பார்க்கும் நேரம்.

இந்தப் பதிவிலிருந்துதான் விதிகள் பிறக்கின்றன. முதல் விதி காலைக்கு: நாலரைக்கும் ஏழரைக்கும் இடையில் சமையலறையில் நடமாட்டம் இல்லாவிட்டால் எச்சரிக்கை. நடை சென்சாரை இதற்குக் கணக்கில் கொள்ளக் கூடாது. நாலரைக்கு மேல் சிறுநீர் கழிக்க எழுந்துபோனதைக்கூட அது ‘எழுந்துவிட்டார்’ என்று எடுத்துக்கொள்ளும். இரண்டாவது விதி பகலுக்கு: மதியம் 1 முதல் 5 வரை நான்கு மணி நேரம் வரை பொறுக்கலாம், மற்ற வேளைகளில் இரண்டு மணி நேரம் போதும். மூன்றாவது இரவுக்கு: நடையைக் கடந்து போனவர் 30 நிமிடத்துக்குள் படுக்கையறைக்குத் திரும்பியாக வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஓட்டை உண்டு. இரவு ஒன்பதரைக்கு அம்மா கட்டிலை ஒட்டியே விழுந்தால், நடையைக் கடக்காததால் மூன்றாவது விதி வேலை செய்யாது. காலை ஏழரை வரை, அதாவது பத்து மணி நேரம், யாருக்கும் தெரியாது. கட்டிலருகே கை எட்டும் உயரத்தில் ஓர் அழைப்பு பொத்தான் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். நேரத்தை இன்னும் இறுக்கலாமே என்று தோன்றும். இறுக்கினால் வாரத்துக்கு இரண்டு பொய் எச்சரிக்கை வரும். நான்காவது வாரத்தில் மகன் போனை எடுத்துப் பார்க்கவே மாட்டார்.

அசைவு இருந்தாலே நலம் என்று நம்புவதும் தவறு. கூடத்தில் விழுந்தவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். பூனை குறுக்கே போனாலும், சென்சார் மேல் பல்லி ஊர்ந்தாலும் அதே கதைதான். அதனால் அறைக்கு அறை நகர்கிறாரா என்று பார்ப்பது நல்லது. குளியலறைப் பக்கம் மட்டும் முக்கால் மணி நேரம் அசைவு தெரிந்து, வேறெங்கும் இல்லையென்றால், அதுவே எச்சரிக்கைக்கு உரியது. நம் ஊர்க் கோடையும் கணக்கில் வர வேண்டும். சுவரின் சூடு உடல் தோலின் சூட்டை நெருங்கும் மே மாத மதியங்களில், இரண்டையும் பிரித்தறிய சென்சார் திணறும். பெரிய கூடத்தின் மூலையில் வைப்பதைவிட, ஆள் இரண்டு மூன்று மீட்டர் தூரத்தில் குறுக்காகக் கடக்கும் நடையில் வைத்தால் தப்பலாம்.

அம்மா கோயிலுக்குப் போனால்? வாசல் கதவு திறந்து மூடி, பத்து நிமிடம் உள்ளே அசைவே இல்லையென்றால் வெளியே போயிருக்கிறார் என்று கொண்டு எச்சரிக்கையை நிறுத்தி வைக்கலாம். ஆனால் இரவு எட்டு மணிக்குள் திரும்பாவிட்டால் அதுவும் தெரிய வேண்டும்.

கருவி செத்துப்போவதை எப்படி அறிவது? சமையலறை சென்சாரின் பேட்டரி தீர்ந்தால் தவறான எச்சரிக்கை வரும், அது பரவாயில்லை. இணையமோ மின்சாரமோ போய் மொத்த அமைப்பும் நின்றால், எந்தச் செய்தியும் வராது. எல்லாம் நலம் என்று நாம் இருந்துவிடுவோம். தினமும் காலையில் ‘அம்மா எழுந்துவிட்டார்’ என்ற ஒருவரிச் செய்தி மகனுக்கு வரும்படி வைத்தால், அது வராத நாளில் அமைப்பில் கோளாறு என்றாலும் தெரிந்துவிடும். ரவுட்டருக்கு ஒரு சிறிய யுபிஎஸ்ஸும் வேண்டும்.

எச்சரிக்கை வந்ததும் முதலில் அம்மாவுக்குப் போன். எடுத்துப் பேசினால் முடிந்தது. எடுக்காவிட்டால் பத்து நிமிடத்தில் பக்கத்து வீட்டாருக்கு. அவரிடம் சாவி இருக்க வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் சிக்கல்: உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தால் சாவி எதற்கும் உதவாது. வாசலுக்கு வெளியிலிருந்தும் சாவியால் திறக்கும் பூட்டு, குளியலறைக்கு வெளியிலிருந்து திறக்க வரும் தாழ் என்று மாற்றுவது, ஐந்தாவது சென்சார் வாங்குவதைவிட முக்கியம்.

இதெல்லாம் அம்மா சம்மதித்த பிறகே. எந்த நேரம் பதிவாகிறது, யார் பார்க்கிறார்கள் என்பதை அவருக்குச் சொல்லி, படுக்கையறை சென்சார் வேண்டாம் என்றால் எடுத்துவிட வேண்டும். அப்போது மூன்றாவது விதிக்கு, நடை சென்சார் இரண்டாம் முறை ஆளைக் கண்டால் திரும்பிவிட்டார் என்று கொள்ளலாம். நிச்சயம் குறையும், விதி பயன்படும்.

எல்லாம் பொருத்திய பின் ஒரு நாள் ஒத்திகை பாருங்கள். அம்மா போனை எடுக்காமல், சென்சார் பார்வை படாத இடத்தில் புத்தகத்தோடு உட்காரட்டும். கடைசி அசைவிலிருந்து பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து உள்ளே வரும்வரை எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரம்தான் நீங்கள் அவருக்கு அமைத்துக்கொடுத்த பாதுகாப்பின் உண்மையான அளவு. அது அதிகமாகத் தெரிந்தால், எந்த விதியைத் திருத்த வேண்டும், எந்தக் கதவை மாற்ற வேண்டும் என்பதையும் அதுவே சொல்லும்.